கிராஷ் இல்லா விகிதமா, ஏ.என்.ஆர் விகிதமா: பிளே ஸ்டோரில் செயலியைக் கீழே தள்ளுவது எது?

ஆண்ட்ராய்டுச் செயலி உருவாக்கும் பல குழுக்களில் தினமும் காலையில் பார்க்கப்படும் எண் ஒன்றுதான்: கிராஷ் இல்லா பயனர் விகிதம். அது 99.4 சதவீதம் என்று காட்டினால் தரத்தில் குறையில்லை என்று எண்ணிவிடுகிறோம். கூகுள் பிளே கவனிப்பவற்றிலோ இரண்டு எண்கள் முக்கியமானவை. பயனர் உணரும் கிராஷ் விகிதம் 1.09 சதவீதத்தை எட்டினாலும், பயனர் உணரும் ஏ.என்.ஆர் விகிதம், அதாவது செயலி பதிலளிக்காமல் உறைந்துபோகும் விகிதம், 0.47 சதவீதத்தை எட்டினாலும், தேடலிலும் பரிந்துரைகளிலும் அந்தச் செயலி கண்ணில் படுவது குறையலாம். 2022 நவம்பர் இறுதியில் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. ஏ.என்.ஆருக்கான வரம்பு கிராஷுக்கான வரம்பில் பாதிகூட இல்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டும் அளக்கப்படும் விதத்திலும் வேறுபாடு உண்டு. கிராஷ்லிட்டிக்ஸ் காட்டும் கிராஷ் இல்லா பயனர் விகிதம் நாம் தேர்ந்தெடுத்த காலத்தைப் பொறுத்து மாறும். ஒரே செயலிக்கு ஒரு நாள் கணக்கில் உயர்வாகவும், ஒரு மாதக் கணக்கில் தாழ்வாகவும் வருவது இயல்பு, ஏனெனில் காலம் நீள நீள ஒரு முறையாவது கிராஷைச் சந்தித்தவர்கள் கூடுகிறார்கள். பிளே கன்சோலின் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் எடுத்துக்கொள்வது அன்றாடப் பயனர்களில் பாதிக்கப்பட்டவர்களின் விகிதத்தை, 28 நாள் சராசரியாக. ஆகவே முதல் திரையில் உள்ள எண்ணை வைத்து இரண்டாவதைக் கணிக்கக் கூடாது.

கிராஷுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: விழுந்த வரியையே பெரும்பாலும் காட்டிவிடும். ஏ.என்.ஆர் அப்படியல்ல. பயனர் திரையைத் தொட்ட பிறகு, முதன்மை இழை ஐந்து விநாடிகளுக்குள் அந்தத் தொடுகைக்குப் பதில் தராவிட்டால் `Input dispatching timed out` என்று பதிவாகும். பயனர் உணரும் ஏ.என்.ஆராகப் பிளே கணக்கிடுவது இந்த வகையைத்தான். இழைகளின் நிலை பதிவாவதோ தாமதத்துக்குப் பிறகு. அதற்குள் தடை நீங்கியிருந்தால், பதிவில் `nativePollOnce` மட்டுமே தெரியும். அதாவது இழை வேலையில்லாமல் காத்திருக்கிறது. அதைக் குற்றவாளியாகக் கருதித் தேடியவர்கள் நாள்களை இழந்திருக்கிறார்கள்.

கணக்குக்காக, நாளொன்றுக்கு 20,000 பேர் பயன்படுத்தும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். தினமும் 120 பேருக்குக் கிராஷ் என்றால் 0.6 சதவீதம்; வரம்புக்குள் நிம்மதியாக இருக்கிறது. 110 பேருக்கு ஏ.என்.ஆர் என்றால் 0.55 சதவீதம், வரம்பு மீறிவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் குறைவு, தண்டனை மட்டும் உண்டு. அந்த 110 பேரில் 55 பேர் ஒரே மலிவு மாடலைச் சேர்ந்தவர்கள், அந்த மாடலில் மொத்தம் 600 பயனர்கள் என்று வைத்தால், அங்கே விகிதம் 9.2 சதவீதம். ஒரு கைபேசி மாடலுக்கான தனி வரம்பு 8 சதவீதம் என்பதால், அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்குச் செயலி கண்ணில் படுவது மேலும் குறையலாம். அதன் ஸ்டோர் பக்கத்தில் எச்சரிக்கைகூட வரலாம்.

இத்தகைய மாடல்களில் அடிக்கடி அகப்படும் காரணம் மெதுவான சேமிப்பகம். `SharedPreferences`இல் `apply()` பின்னணியில்தான் எழுதும் என்று நம்பி, ஒரே திரையில் பலமுறை அழைக்கிறோம். திரை நிறுத்தப்படும்போது முதன்மை இழை `QueuedWork.waitToFinish` என்ற இடத்தில் நின்று, எழுதி முடியும்வரை காத்திருக்கிறது. விலை உயர்ந்த கைபேசியில் உணரவே முடியாத இந்தக் காத்திருப்பு, இங்கே விநாடிக்கணக்கில் நீளும். அந்தப் பெயர் பதிவுகளில் திரும்பத் திரும்ப வந்தால், தரவை டேட்டாஸ்டோருக்கு மாற்றுவதோ, எழுதும் தடவைகளைக் குறைப்பதோ தீர்வாகும்.

திருத்தம் ஒரே நாளில் எல்லாரிடமும் போய்ச் சேர்ந்து, அந்த மாடலும் மற்றவற்றைப் போல 0.28 சதவீதத்துக்கு இறங்கிவிட்டாலும்கூட, 28 நாள் சராசரி 0.47க்குக் கீழே வர ஒன்பது நாள்கள் ஆகும். பயனர்கள் படிப்படியாகவே புதுப்பிப்பதால் உண்மையில் இன்னும் தாமதமாகும்.

ஸ்டோர் நிலைக்காக ஒன்றை முதலில் கவனிக்க வேண்டுமானால் நான் ஏ.என்.ஆரையே தேர்வேன், அதையும் மாடல் வாரியாகப் பிரித்து. ஆனால் அதற்கும் ஒரு குருட்டிடம் உண்டு: உறைந்த திரையைத் தொடாமல் காத்திருப்பவரும், ஐந்து விநாடிக்கு முன்பே செயலியை மூடிவிடுபவரும் அந்தக் கணக்கில் வருவதில்லை. கிராஷைக் குறைக்க எல்லா விதிவிலக்குகளையும் `try`–`catch` போட்டு விழுங்கும் பழக்கமும் இதே இருட்டில்தான் கொண்டு சேர்க்கிறது: கிராஷ் இல்லா விகிதம் ஏறும், பயனர் முன்னால் வெற்றுத் திரை நிற்கும், இரண்டு அளவுகளிலும் அது பதிவாகாது.