ஓரத்தில் நிற்கும் பொருளை அழிக்கக் கொடுக்கிறீர்களா? முதலில் ஒரிஜினலைக் கேளுங்கள்

கல்லிடைக்குறிச்சி வீட்டில் தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு எடுத்த படம். தாத்தாவும் ஆச்சியும் திண்ணையில் அருமையாக அமைந்திருக்கிறார்கள். ஆனால் வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில், "சுத்தமா எடுத்திருவோம் அண்ணாச்சி" என்று தனிக் காசும் வாங்கிக்கொண்டார்கள். வாட்ஸப்பில் வந்த சின்னப் படத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

12க்கு 15 அங்குலத்தில் சட்டம் போட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. நாற்காலி இருந்த இடத்தில் ஆச்சியின் பட்டுக்கரை ஜரிகை ஒரு துண்டு சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒரே விரிசல், அதே வளைவோடு மூன்று இடத்தில். சுவரும் தரையும் சேரும் கோடு படி இறங்கியது மாதிரி ஒடிந்திருக்கிறது. ஸ்டுடியோக்காரரிடம் கேட்டால், "தள்ளி நின்னு பாத்தா தெரியாது"ங்கிறார். கூடத்தில் மாட்டுகிற படத்தை யார் தெருவில் நின்று பார்க்கிறார்கள்?

ஏன் இப்படி ஆகிறது? நிரப்புகிற கருவி அழித்த இடத்தைச் சுற்றியுள்ள பிக்சல்களிலிருந்துதான் துணுக்குகளை எடுத்து ஒட்டுகிறது. பொருள் படத்தின் நடுவில் இருந்தால் நாலு பக்கமும் மாதிரி கிடைக்கும். கோட்டுக்கும் இரண்டு முனை இருக்கும், நடுவில் இணைத்துவிடலாம். ஓரத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் ஒன்றுமே கிடையாது. இங்கே மிச்சமிருந்தது இடது பக்கம், அங்கே ஆச்சியின் சேலை. அதனால் ஜரிகை வந்தது. அதை மறைக்க, கிடைத்த கொஞ்சம் தரையையே குளோன் ஸ்டாம்ப்பில் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறார்.

இதில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. கேமரா ஃபைலில் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 3:2. 12க்கு 15 ஆக்கும்போது அகலத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். வாதாடி ஒரிஜினலை வாங்கிப் பார்த்தால், நாற்காலி முழுசாக இருக்கிறது, அதற்கு அப்பாலும் சுவரும் தரையும் தாராளமாக இருக்கின்றன! முதலில் வெட்டிவிட்டு, வெட்டிய ஜேபெக்கில் உட்கார்ந்து அழித்திருக்கிறார்கள்.

சித்தப்பா மகன் அதே ஒரிஜினலில் செய்துகாட்டினான். போட்டோஷாப்பில் Content-Aware Fill திறந்தால் எங்கிருந்து மாதிரி எடுக்கிறது என்பது பச்சையாகத் தெரியும். சேலையின் மேலிருந்த பச்சையை பிரஷ்ஷால் நீக்கி, சுவரையும் தரையையும் மட்டும் விட்டான். கோடு நேராக வந்தது. அப்புறம்தான் 12க்கு 15 ஆக வெட்டினான்.

ஒரிஜினலிலேயே பொருள் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால் இந்த வழி உதவாது. அதே நேரத்தில் எடுத்த வேறு படத்திலிருந்து அந்த மூலையை எடுத்துப் பொருத்த முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஓரத்தை இன்னும் உள்ளே வெட்டச் சொல்லுங்கள். பிரிண்டுக்குப் போகும் முன் ஃபைலை 100% அளவில் திறந்து, அந்த மூலையை நீங்களே பாருங்கள்.

அழித்ததற்கான காசை மட்டும் திருப்பித் தருகிறார்களாம். பிரிண்டுக்கும் சட்டத்துக்கும் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.