ஜிம் நடத்துபவர்களே, "ரிசல்ட் போட்டோ விளம்பரம்" ஏஜென்சிகளிடம் உஷார்: 42,500 ரூபாய் போச்சு

42,500 ரூபாய். பாளையங்கோட்டையில் ஒரு மாடி ஹாலை வாடகைக்கு எடுத்து, இருபது முப்பது பேருக்குப் பயிற்சி கொடுத்துப் பிழைக்கிற எனக்கு அது சின்னத் தொகை இல்லை. போனது பணம் மட்டுமாக இருந்தால்கூட தலையில் தட்டிக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். என்னை நம்பி வந்த ஒரு அக்காவின் படத்தை ஊர் முழுக்கப் போனில் பார்க்கும்படி விளம்பரமாக ஓட்டிவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். மற்ற பயிற்சியாளர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஏஜென்சியின் பெயரைப் போட மாட்டேன். போட்டால் அவதூறு நோட்டீஸ் வரும் என்று ஏற்கெனவே போனில் மிரட்டியாச்சு. வண்ணார்பேட்டை பக்கம் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இருக்கிற ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆபீஸ், அவ்வளவுதான். சமூக வலைதளத்தில் என் ஸ்டுடியோ பேஜைப் பராமரிப்பது, விளம்பரம் ஓட்டுவது எல்லாம் சேர்த்து மூன்று மாத பேக்கேஜ், 42,500 ரூபாய், முழுத் தொகையும் முன்பணம்.

ஏன் கொடுத்தேன் என்றால், வந்த ஆள் என் அளவு நோட்டை எடுத்து நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். "சார், இதுதான் உங்க சொத்து. இந்த ஏரியாவுல யாரும் இப்படி எழுதி வைக்கிறதில்ல. நாங்க இதை அப்படியே மக்கள்கிட்ட கொண்டு போறோம். உங்க பார்வைக்கு வராம ஒரு போஸ்டர்கூட வெளியே போகாது" என்றார். அப்படியே என்கிற அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். அவர் படி இறங்குவதற்குள் பணம் அவர் கணக்குக்குப் போய்விட்டது.

அந்த நோட்டில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் இவர்கள் செய்த வேலையின் அசிங்கம் புரியும். நாற்பதைத் தாண்டிய, வேலைக்குப் போகிற ஒரு அக்கா. சேரும்போது எடை 78.4 கிலோ, இடுப்பு 96 சென்டிமீட்டர். ஐந்து மாதம் கழித்து 71.9 கிலோ, 87 சென்டிமீட்டர். எடை எப்போதும் ஒரே மெஷினில், காலையில் வெறும் வயிற்றில். டேப் தொப்புள் மட்டத்தில், சாதாரணமாக மூச்சு விட்ட பிறகு. படம் எடுக்கத் தரையில் டேப் ஒட்டிய இடம் உண்டு. போன் ஸ்டாண்டில் தொப்புள் உயரத்தில் நிற்கும், ஜன்னல் சாத்தியிருக்கும், டியூப்லைட் மட்டும் எரியும். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது, வெளியே தள்ளவும் கூடாது. இதில் ஒன்று மாறினாலும் இரண்டு படத்துக்கும் நடுவில் இல்லாத வித்தியாசம் வந்துவிடும். சாப்பிட்ட பிறகு தளர்ந்து நிற்கவைத்து ஒன்று, காலையில் மேலிருந்து வெளிச்சம் விழ நிமிர்த்தி நிற்கவைத்து ஒன்று என எடுத்தால், ஒரே ஆளை 24 மணி நேரத்தில் 'மெலிய' வைத்துவிடலாம். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது.

இன்னொன்றும் எழுதி வைத்திருந்தேன். முதல் இரண்டு வாரத்தில் அந்த அக்காவுக்கு 2.6 கிலோ இறங்கியது. அதில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை, தண்ணீர். சோறு குறைந்தால் தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கிற கிளைகோஜன் குறையும். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும், அதுவும் சேர்ந்து போகும். அப்புறம் பரீட்சை பேப்பர் திருத்துகிற மாதத்தில் எடை அசையவே இல்லை. அதையும் மறைக்கவில்லை.

பேஜில் போடுவதற்காக நான் எழுதிக் கொடுத்த வாசகம் இதுதான்: "5 மாதம், வாரம் 4 நாள் பயிற்சி. 78.4 கிலோவிலிருந்து 71.9. ஆரம்பத்தில் இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். இதே பேட்சில் சேர்ந்த 11 பேரில் 4 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். மற்ற 7 பேருக்கும் 2 முதல் 7 கிலோ வரை குறைந்தது." பதினோரு பேரில் நன்றாக வந்த ஒருத்தரை மட்டும் காட்டினால், பார்க்கிறவர் எல்லோருக்கும் அப்படித்தான் வரும் என்று நினைப்பார். அதனால்தான் நின்று போனவர்களின் கணக்கையும் போட்டேன்.

சம்மதச் சீட்டும் தமிழில் வைத்திருக்கிறேன். எண்களைக் காட்டலாமா, முகம் தெரியாத படத்தைக் காட்டலாமா, பேஜில் போடலாமா, காசு கட்டி ஓட்டுகிற விளம்பரத்தில் போடலாமா என்று தனித்தனியாக டிக் அடிக்க வேண்டும். அந்த அக்கா முதல் மூன்றுக்கும் டிக் அடித்துவிட்டு, விளம்பரம் வேண்டாம் என்றார். படமும் முதுகுப்பக்கம் எடுத்தது மட்டும்தான். ஏஜென்சிக்கு அனுப்பும்போதே வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதினேன்: "இது பேஜுக்கு மட்டும், விளம்பரத்துக்கு வேண்டாம்." பதிலாக ஒரு கட்டைவிரல் படமும் "நோட்டட் சார்" என்ற வரியும் வந்தன. ஸ்கிரீன்ஷாட் பத்திரமாக இருக்கிறது.

அப்புறம் ஒரு நாள் காலை பேட்ச் நடக்கும்போது அந்த அக்காவிடமிருந்து போன். "என்ன தம்பி, என் முதுகை இப்படி ஊருக்கே காட்டிட்டியளே! ஏதும் ஆபரேஷன் பண்ணிட்டியளான்னு ஸ்டாஃப் ரூம்ல கேக்காவ. எங்க வீட்ல என்ன சொல்லுவாவ?"

போனில் அந்த விளம்பரத்தைத் திறந்து பார்த்தால், இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே கொட்டை எழுத்தில் "45 நாளில் 18 கிலோ!" இடது கையில் சின்ன வயதில் பட்ட தீக்காயத் தழும்பு பளிச்சென்று தெரிகிறது. முகம் இல்லாவிட்டால் என்ன, இந்த ஊரில் தழும்பும் சுடிதார் டிசைனும் போதாதா? இரண்டாவது படத்தில் இடுப்பை சாஃப்ட்வேரில் இறுக்கியிருக்கிறார்கள். பின்னால் இருக்கிற சுவர் டைல்ஸ் கோடு அந்த இடத்தில் மட்டும் இடுப்பைப் பார்த்து வளைந்து நிற்கிறது. எங்கள் ஹாலில் அந்தக் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். இந்த மாதிரி படங்களைப் பார்க்கும்போது உடம்பைப் பார்க்காதீர்கள். பின்னால் இருக்கிற கதவு நிலையையும் தரைக் கோட்டையும் பாருங்கள்.

அந்த 18 கிலோவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி குறைய வேண்டும். 18 கிலோவை 45 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 3,000 கலோரிக்கு மேல் வருகிறது. அந்த அக்காவின் உடம்பு ஒரு நாள் முழுக்கச் செலவு செய்வதே அவ்வளவு இருக்காது. பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாலும் நடக்காது. உண்மையில் அவர் குறைத்த 6.5 கிலோவை ஐந்து மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்குச் சுமார் 330 கலோரி வரும். அதுதான் நம்பக்கூடிய கணக்கு.

உடனே ஏஜென்சிக்குப் போன் போட்டேன். முதலில் "டிசைனர் புதுப் பையன் சார்." அடுத்து "முகம்தான் தெரியலையே சார்." அடுத்து "கீழே டிஸ்கிளைமர் போட்டிருக்கோமே." பெரிதாக்கிப் பார்த்தேன். எறும்பு அளவில் ஆங்கிலத்தில் ஒரு வரி, ஒவ்வொருவருக்கும் பலன் மாறலாம் என்று. 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதிகளில், விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில்தான் பொறுப்புத் துறப்பும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மேலே சொன்ன பொய்யைக் கீழே ஒரு வரி போட்டுச் சரிக்கட்டவும் முடியாது. இதைச் சொன்னதும், "சார், அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு" என்றார்கள். அது எங்களுக்கும்தான். தவறான விளம்பரத்துக்கு அந்த ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட 2019 சட்டத்தில் இடம் இருக்கிறது. போஸ்டரில் இருப்பது ஏஜென்சியின் பெயரா? என் ஸ்டுடியோ பெயர்.

நிறுத்தச் சொன்னால் என்னால் நிறுத்த முடியவில்லை. விளம்பரக் கணக்கே அவர்கள் பெயரில்தான் இருந்தது. கடைசியில் விளம்பரம் ஓடிய சமூக வலைதளமே நிறுத்தியது. எடைக் குறைப்பு விளம்பரத்தில் இந்த மாதிரி முன்-பின் படம் போடக் கூடாது என்பது அவர்களுடைய விளம்பர விதியிலேயே இருக்கிறது. இதுதான் தொழில் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்களுக்கு அதுகூடத் தெரியவில்லை, அல்லது தெரிந்தேதான் செய்தார்கள். விளம்பரம் நின்றதோடு என் பேஜிலிருந்து விளம்பரம் போடவே தடையும் வந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அப்பீல் போட்டிருக்கோம்", "அக்கவுண்ட்ஸ் பார்க்கிற மேடம் லீவு", "பட்ஜெட் ஓடிட்டுல்லா சார்". நேரில் போனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். 42,500 ரூபாய்க்கு ஒரு டீ. அப்புறம் பேசிய ஆள் போனே எடுப்பதில்லை. ரசீது கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

அந்த அக்கா சம்மதத்தை முழுதாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் உரிமை அது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. என் பேஜ், போன், ஹால் சுவர் எல்லாவற்றிலிருந்தும் அன்றைக்கே எடுத்துவிட்டேன். ஆனால் ஏஜென்சி தன் பக்கத்தில் "எங்கள் வேலைகள்" என்று அதே படத்தை இன்னும் வைத்திருக்கிறது. அந்த 18 கிலோவோடு.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், ஏஜென்சிக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுங்கள். வாடிக்கையாளரின் ஒரிஜினல் படத்தை அனுப்பவே அனுப்பாதீர்கள். தழும்பு, பச்சை குத்தியது, தாலிச் சங்கிலி, பின்னால் தெரியும் வீடு எல்லாவற்றையும் நீங்களே வெட்டிவிட்டு, சின்ன அளவில், மேலே உங்கள் பெயர் அச்சிட்டு அனுப்புங்கள். விளம்பரத்துக்குத் தனிச் சம்மதம் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள்.

பாளை, ஜங்ஷன், டவுன், தென்காசி ரோடு பக்கம் இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுத ஆரம்பித்துவிட்டேன். 42,500 ரூபாயை நான் விடுவதாக இல்லை.