டாலரில் விலை சொல்லி ரூபாயில் வாங்குவது: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

திருச்சியில் ஓவியம் வரையும் தோழி ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: “அண்ணா, முதன்முறையாக அமெரிக்காவிலிருந்து வேலை வந்திருக்கிறது. டாலரில் விலை சொல்லும்போது எத்தனை சதவீதம் கூட்டிச் சொல்ல வேண்டும்?” கேள்வியின் அமைப்பே தவறு என்று சொல்ல வாய் வந்தது. 2021-இல் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதால் அடக்கிக்கொண்டேன். அவருக்கு அனுப்பிய பதில் நீண்டுகொண்டே போனதால் அதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

நான் மதுரையில் இருந்துகொண்டு புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்குவதற்கு நான்கு ஆண்டுகளாக ஒரே தளத்தைப் பயன்படுத்துகிறேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. கணக்குத் தொடங்குவது, வங்கியை இணைப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. என் எரிச்சல் வேறோர் இடத்தில் இருக்கிறது. தளம் வரவில் 4.4 சதவீதமும் அதற்கு மேல் 30 சென்டும் எடுத்துக்கொள்கிறது. இதை அது மறைப்பதில்லை, ஒவ்வொரு வரவின் கீழும் தனி வரியாகவே காட்டுகிறது. ஆனால் டாலரை ரூபாயாக மாற்றும்போது சந்தை மதிப்பைவிடக் குறைவான ஒரு விகிதத்தைத் தானே வைத்துக்கொள்கிறதே, அந்த வேறுபாடு எந்த வரியிலும் கட்டணம் என்ற பெயரில் வருவதில்லை.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபரில் ஒஹையோவில் உள்ள ஒரு சிறு பதிப்பகத்துக்கு 240 பக்க நூல் ஒன்றை வடிவமைக்க ஒப்புக்கொண்டேன். மெய்ப்புப் பார்ப்பவருக்குத் தர வேண்டியதையும் சேர்த்து என் கைக்கு 60,000 ரூபாய் வந்தால் போதும் என்று தீர்மானித்திருந்தேன். அப்போது ஒரு டாலரின் சந்தை மதிப்பு ஏறக்குறைய 84 ரூபாய். 60,000-ஐ 84-ஆல் வகுத்து, 715 டாலர் என்று சொல்லத்தான் எவருக்கும் தோன்றும். அப்படிச் சொல்லியிருந்தால் கட்டணமாக 31.76 டாலர் போய் 683.24 டாலர் மிஞ்சியிருக்கும். தளம் அந்த நாள்களில் சந்தை மதிப்புக்கு 3 சதவீதம் கீழே, அதாவது 81.48 ரூபாய்க்கு மாற்றிக்கொண்டிருந்தது. கைக்கு வந்திருக்கக்கூடியது 55,670 ரூபாய். குறைந்த 4,330 ரூபாயில் ஐந்தில் இரண்டு பங்குக்கு எந்த ரசீதும் இருந்திருக்காது.

சரி, 715-உடன் 4.4 சதவீதத்தைக் கூட்டி 747 டாலர் என்று சொன்னால் போதாதா? தோழி கேட்டதும் இதைத்தான். போதாது, 58,160 ரூபாய்தான் வரும். மாற்று விகிதத்தின் இழப்பு அப்படியே நிற்பது ஒரு காரணம். தளம் தன் சதவீதத்தை நாம் நினைத்த தொகையின் மேல் கணக்கிடாமல், கூட்டிச் சொன்ன மொத்தத்தின் மேல் கணக்கிடுகிறது என்பது இன்னொரு காரணம். ஆகவே கணக்கைக் கைக்கு வர வேண்டிய ரூபாயில் தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும். முதலில் 60,000-ஐத் தளத்தின் விகிதமான 81.48-ஆல் வகுக்க வேண்டும்: 736.38 டாலர். அதனுடன் 30 சென்டைக் கூட்டி, பிறகு 0.956-ஆல் வகுக்க வேண்டும், 100-இலிருந்து 4.4 போக மிஞ்சுவதுதான் அந்த 0.956. விடை 770.59 டாலர்.

இந்த 771 டாலரை எப்படிச் சொல்வது என்பதிலும் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். தொடக்கத்தில் வேலைக்கான விலையை ஒரு வரியிலும் தளக் கட்டணத்தை இன்னொரு வரியிலும் போட்டு அனுப்பினேன். “உங்கள் வங்கிச் செலவை நான் ஏன் ஏற்க வேண்டும்?” என்று மரியாதையாகவே கேட்டு ஒரு வாடிக்கையாளர் எழுதினார். அவர் கேட்டதில் தவறில்லை. காய்கறிக்காரர் ஆட்டோ வாடகையைத் தனியாக எழுதிக் கொடுத்தால் நாமும் அப்படித்தான் கேட்போம். அன்று முதல் எல்லாவற்றையும் பக்க விலைக்குள் அடக்கிவிடுகிறேன். ஒஹையோ பதிப்பகத்துக்குப் பக்கத்துக்கு 3.25 டாலர், மொத்தம் 780 டாலர் என்று சொன்னேன். ஒரு கேள்வியும் வரவில்லை. 780-க்குக் கணக்குப்படி 60,733 ரூபாய் வர வேண்டும். சந்தை மதிப்பு 84-இலிருந்து 83-க்கு இறங்கினாலும் என் 60,000-க்குச் சேதமில்லை.

தளம் எந்த விகிதத்தில் மாற்றுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. வங்கிக் கணக்கில் வரவான ரூபாயை, தளத்திலிருந்து வெளியேறிய டாலரால் வகுத்தால் விகிதம் கிடைத்துவிடும். வேலை நாள்களில் எஃப்பிஐஎல் நிறுவனம் டாலருக்கான குறிப்பு விகிதத்தை வெளியிடுகிறது. 2018 ஜூலைக்கு முன் ரிசர்வ் வங்கியே வெளியிட்டுவந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். மாதந்தோறும் ஒரு வரவையாவது இப்படிச் சரிபார்த்து ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். எந்த முன்னறிவிப்பும் கண்ணில் படாமலேயே 3 சதவீதம் 3.4 ஆனதை அந்த நோட்டுதான் காட்டிக்கொடுத்தது.

இனித் தாமதம். அந்த நூலின் மீதித் தொகையை வாடிக்கையாளர் 2024 நவம்பர் 27, புதன்கிழமை இரவு செலுத்தினார். எனக்கு வியாழன் காலை. திரையில் தொகை தெரிந்தது. அதன் பக்கத்திலேயே “பரிசீலனையில் உள்ளது” என்ற பொருளில் ஒரு குறிப்பும் தெரிந்தது. வேலைக்கான சான்று கேட்டிருந்தார்கள். பில்லையும் வாடிக்கையாளரின் மின்னஞ்சலையும் பத்தே நிமிடத்தில் பதிவேற்றினேன். அமெரிக்காவில் அன்று நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை என்பது பிறகுதான் உறைத்தது. வெள்ளியன்று இரவு தடை நீங்கியது. சனி, ஞாயிறு வங்கி மாற்றம் நடக்கவில்லை. டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை பணம் வந்தது. மெய்ப்புப் பார்ப்பவருக்கு 30-ஆம் தேதி தருவதாகச் சொல்லியிருந்தேன். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆங்கில மெய்ப்பும் அழகாகப் பார்ப்பார். “வந்ததும் கொடுங்கள் தம்பி, அவசரமில்லை” என்றார். அவருக்கு அவசரம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். நகையை அடகுக் கடையில் வைத்துக் கொடுத்தேன்.

இதிலிருந்து நான் செய்துகொண்ட மாற்றம் விலையில் அன்று, தவணையில். தாமதத்தை விலையில் கூட்டினால் வேலை கைவிட்டுப் போகும். கூட்டினாலும் பணம் ஒரு நாள் முன்னதாக வந்துவிடப் போவதில்லை. ஆகவே இப்போது பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறேன். இங்கேதான் இந்தத் தளத்தின் சதவீதக் கட்டணம் எதிர்பாராமல் நன்மை செய்கிறது: 780 டாலரை ஒரே தவணையாக வாங்காமல் இரண்டாகப் பிரித்து வாங்கினால் கூடுதல் செலவு வெறும் 30 சென்ட். வங்கியிலிருந்து வங்கிக்கு ஸ்விஃப்ட் வழியாக அனுப்பினால் கதை வேறு. இடையில் உள்ள வங்கி தன் பங்காக ஒரு நிலையான தொகையை எடுத்துக்கொள்ளும்; எனக்கு ஒருமுறை 25 டாலர் குறைந்தது. அனுப்புபவரே செலவை ஏற்கும் OUR முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியும் குறைந்தது. 5,000 டாலர் பில்லுக்கு 25 டாலர் பெரிதன்று. 390 டாலர் முன்பணத்துக்கு அது ஆறு சதவீதத்துக்கு மேல். சிறு வேலைகளைத் தவணையாக வாங்குபவருக்குத் தளமும், பெரிய தொகையை ஒரே முறையில் வாங்குபவருக்கு வங்கியும் பொருந்துவது இதனால்தான்.

விலைப்புள்ளிக்குக் காலவரம்பு இட வேண்டும் என்பதை 2025-இல் கற்றேன். ரூபாய் எப்போதும் இறங்கத்தானே செய்கிறது, டாலரில் சொல்பவனுக்குக் காத்திருப்பது லாபம் என்றே நினைத்திருந்தேன். பிப்ரவரியில் டாலர் 87 ரூபாயைத் தாண்டியிருந்தபோது அதையே அடிப்படையாக வைத்து 600 டாலருக்கு ஒரு வேலை சொன்னேன். வாடிக்கையாளர் ஒரு மாதம் யோசித்தார், வேலை ஒரு மாதம் ஓடியது. மே முதல் வாரத்தில் பணம் வந்தபோது டாலர் ஏறக்குறைய 84.50-இல் இருந்தது. வழக்கமான வெட்டுகளுக்கு மேல் சுமார் 1,400 ரூபாய் போயிற்று. இதற்காகத் தளத்தைத் திட்ட நியாயமில்லை, திட்டினேன் என்றாலும். இப்போது அன்றைய சந்தை மதிப்பிலிருந்து ஒரு ரூபாயைக் குறைத்து வைத்தே கணக்கைத் தொடங்குகிறேன். விலை 15 நாள்களுக்கு மட்டுமே செல்லும் என்று கீழே எழுதுகிறேன்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பு நேரடியாக வங்கிக்குப் பணம் வந்த காலத்தில், அந்நியச் செலாவணி வரவுக்கான சான்றைப் பெற வங்கிக் கிளைக்கு மூன்று முறை அலைந்திருக்கிறேன். பணம் எதற்காக வந்தது என்பதைக் குறிக்கும் குறியீட்டை, “பர்பஸ் கோடு என்ன?” என்று அவர்கள் கேட்பதும், எனக்குத் தெரியாததும், மறுநாள் வரச் சொல்வதுமாகப் போகும். இந்தத் தளத்தில் பர்பஸ் கோடை ஒரே முறை தேர்ந்தெடுத்தேன். அதன் பிறகு சான்று தானாகவே மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து, ஜிஎஸ்டி வசூலிக்காமல் சேவையை ஏற்றுமதி செய்பவருக்குப் பணம் அந்நியச் செலாவணியாகத்தான் வந்தது என்று காட்ட இந்தத் தாள் வேண்டும். என் ஆடிட்டர் நான்கு ஆண்டுகளில் என்னைப் பாராட்டிய ஒரே விஷயம் இந்தத் தாள்கள் அடங்கிய கோப்புதான். வாடிக்கையாளரின் பக்கத்திலும் அவர் அட்டையை எடுத்து இரண்டு நிமிடத்தில் செலுத்திவிடுகிறார். வங்கி விவரம் கேட்டு ஒரு வாரம் இழுப்பதில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, “அப்படியானால் நானும் அதிலேயே தொடங்கட்டுமா அண்ணா?” என்று தோழி கேட்டார். வேண்டாம் என்றேன். அமெரிக்காவில் உள்ளூர்க் கணக்கு எண் தந்து, டாலரை அங்கேயே வாங்கி, மாற்று விகிதத்தையும் கட்டணத்தையும் வெவ்வேறாகக் காட்டும் சேவைகள் இப்போது உள்ளன. புதிதாகத் தொடங்குபவர் அவற்றில் ஒன்றைப் பார்க்கட்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வரவு வந்ததும் ரூபாயை டாலரால் வகுத்துப் பார்த்துவிட்டு இரண்டாவது விலையைச் சொல்லச் சொன்னேன்.

இன்று காலை ஒஹையோ பதிப்பகத்தாரின் அடுத்த நூலுக்கு விலைப்புள்ளி அனுப்பினேன். முன்பணத்துக்கான இணைப்பு அதே பழைய தளத்தினுடையதுதான். பக்க விலை 3.40 டாலர்.