படகிலிருந்து எறிந்த பந்து: கூறாக்குவது கரையிலிருந்தா, படகிலிருந்தா?

கல்லடி வாவியில் ஒரு படகு 4 m/s சீரான வேகத்தில் நேராகப் போகிறது. படகிலிருப்பவர் அதே திசையில் முன்னோக்கி ஒரு பந்தை எறிகிறார். படகு சார்பாகப் பந்தின் கதி 10 m/s, கிடையுடன் கோணம் θ, tan θ = 4/3. g = 10 m/s², வளித்தடை இல்லை. எறிந்த மட்டத்துக்குப் பந்து திரும்பும்போது அது எங்கே இருக்கும்?

உயர்தர இணைந்த கணித சிலைட்டுகளில் இதற்கு இரண்டு வழிகள் காட்டப்படுகின்றன. முதலாவது, எல்லாவற்றையும் புவி சார்பாக மாற்றிவிட்டுக் கூறாக்குவது. படகு சார்பான கூறுகள் → 6, ↑ 8. படகின் வேகம் கிடையானது, ஆகவே 4 ஐக் கிடைக்கூறோடு மட்டும் கூட்டவேண்டும்: → 10, ↑ 8.

↑ s = ut + ½at²: 0 = 8T − 5T², T = 1.6 s
→ s = ut: 10 × 1.6 = 16 m

இரண்டாவது, படகிலேயே இருந்து பார்ப்பது. நிலைக்குத்துக் கணக்கு அப்படியே இருக்கும், T உம் 1.6 s தான். கிடையில் 6 × 1.6 = 9.6 m. கரையிலிருந்து பார்த்த தூரம் வேண்டுமானால் படகு போன 6.4 m ஐக் கூட்ட 16 m வரும்.

பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழும் இடம் முதல் வழியில்தான். 10 உடன் 4 ஐக் கூட்டி 14 என்று எழுதி, அதன் பிறகு cos θ, sin θ ஆல் பெருக்குகிறார்கள். அப்போது ↑ 11.2, T = 2.24 s, தூரம் ஏறத்தாழ 18.8 m. பிழையைப் பிடிக்க நேரத்தைப் பார்த்தால் போதும். படகு கிடையாக எவ்வளவு வேகமாகப் போனாலும் பந்து மேலே போய்த் திரும்பும் நேரம் மாறக்கூடாது. கரையிலிருப்பவருக்கு எறிகோணமும் θ அல்ல, அதன் tan 8/10. இதை சிலைட்டில் தனி வேக முக்கோணியாகப் போடாமல், பந்து P, படகு B, புவி E என வைத்து V(P,E) = V(P,B) + V(B,E) என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்தால் குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

எறிந்த கணத்திலிருந்து படகு 2 m/s² ஆர்முடுகலோடு போனால் நிலைமை மாறும். புவி சார்பாகப் பந்துக்கு எதுவும் மாறவில்லை, அதே 16 m. படகு 6.4 + 2.56 = 8.96 m போகும், இடைவெளி 7.04 m. படகு சார்பாகச் செய்வதானால் பந்துக்குக் கிடையில் −2 ஆர்முடுகல் கொடுக்கவேண்டும்: 6 × 1.6 − ½ × 2 × 1.6² = 7.04 m. இந்த −2 ஐ மறந்து 9.6 என்று விடை எழுதுவது வழக்கமான தவறு. ஆகவே படகு ஆர்முடுகும் கணக்கில் முதல் வழியே பாதுகாப்பானது என்பது எங்கள் கணிப்பு.

இரண்டு எறியங்கள் வானில் மோதுமா என்று கேட்டால் தலைகீழ். இரண்டுக்கும் ஆர்முடுகல் ஒரே கீழ்நோக்கிய g என்பதால் சார்பு ஆர்முடுகல் பூச்சியம். ஒன்று சார்பாக மற்றது சீரான வேகத்தில் நேர்கோட்டில் போகும், ½gt² எழுதவே தேவையில்லை. அந்த நேர்கோடு மற்ற எறியத்தின் ஊடாகச் செல்கிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு, மோதும் நேரத்துக்கு முன் எதுவும் நிலத்தைத் தொடவில்லை என்று உறுதிப்படுத்தினால் கணக்கு முடிந்தது.