மாங்கூழ் வியாபாரிகள் கவனத்துக்கு: ரெஃபரன்ஸ் கேட்டும் போனது ₹4,86,000

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் மொத்த வியாபாரம் செய்கிறேன். ₹4,86,000 போய்விட்டது. புது பார்ட்டிக்குக் கடன் கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் எனக்கு ஆறாது.

மொத்த வியாபாரிகள் வாங்கி விற்கும் ஒரு ஆன்லைன் தளம் வழியாக வந்தவர். பெங்களூரில் ஜூஸ் கடைகளுக்கும் ஐஸ்கிரீம்காரர்களுக்கும் சப்ளை, தொழிலில் எட்டு வருடம் என்றார். பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை அடையாளம். முதலில் பெங்களூரா கூழ் 40 பெட்டி, பெட்டிக்கு ஆறு டின், முழுப் பணமும் முன்கூட்டியே வங்கியில் போட்டார். அப்புறம்தான் 450 பெட்டி கேட்டார். பெட்டி ₹1,080, வரியோடு ₹4,86,000. 30 நாள் கடன்.

"உங்களோடு கடனில் வியாபாரம் செய்யும் இரண்டு பேர் விவரம் கொடுங்கள்" என்றேன். முகம் சுளிக்கவில்லை. "கேட்கிறதுதான் முறை சார்" என்று அரை மணி நேரத்தில் பெயர், ஜிஎஸ்டி எண், கைபேசி எண் எல்லாம் அனுப்பினார். அந்த வார்த்தையில்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

முதல் ஆள் பெங்களூரில் சர்க்கரை வியாபாரி என்றார். போனை எடுத்தவுடனே, "மூணு வருஷமா எட்டு லட்சம் வரைக்கும் கடன் கொடுக்கிறேங்க, ஒரு நாள் தள்ளினதில்லை" என்று ஒப்பித்தார். கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன் என்ற பேச்சே இல்லை. நிஜமாகக் கடன் கொடுக்கிறவன் அப்படிப் பேசமாட்டான். "முப்பது நாள்னு சொல்வாங்க, நாற்பது ஆகும், ஆனா வந்துடும்" என்றுதான் இழுப்பான். இரண்டாவது, ஓசூரில் ஒரு அட்டைப்பெட்டிக் கடை. "பணம் கரெக்டா கொடுப்பாருங்க" என்றார்கள். அது உண்மைதான்.

லாரி போனது, பெங்களூர் ஓரத்தில் ஒரு குடோனில் சரக்கு இறங்கியது. தேதி வந்தபோது "அடுத்த திங்கள்" என்றார். அப்புறம் "ஆடிட்டர் ஊரில் இல்லை". அப்புறம் போனே எடுக்கவில்லை. கொடுத்திருந்த காசோலையைப் போட்டால் கணக்கு மூடப்பட்டது என்று திரும்பியது. குடோனில் வேறு யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். அந்தச் 'சர்க்கரை வியாபாரி' எண்ணும் அணைந்துவிட்டது.

சரக்கு வாங்கினவருடையது, அந்தச் 'சர்க்கரை வியாபாரி'யுடையது என்று இரண்டு ஜிஎஸ்டி எண்களையும் எங்கள் ஆடிட்டர் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினார். மொத்தம் 15 இடம். முதல் இரண்டு மாநிலம், கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்தும் பான் எண். அந்தப் பத்தும் இரண்டிலும் ஒன்றே! ஒரே பானில் ஒரே மாநிலத்திலேயே இரண்டு பதிவு எடுக்கலாம், வணிகப் பெயர் மட்டும் வேறு வேறாக இருக்கும். அதாவது அவருக்கு அவரே நற்சான்று கொடுத்திருக்கிறார். ஜிஎஸ்டி தளத்தில் தேடினால் இரண்டுக்கும் சட்டப்பெயர் ஒன்று, பதிவுத் தேதியும் இந்த வருடம்தான். எட்டு வருடமாம்! அட்டைப்பெட்டிக் கடையில் நேரில் போய்க் கேட்டேன். அவர் வாங்கியதெல்லாம் சில ஆயிரம் ரூபாய்க்கு, கையில் காசு கொடுத்து. கடனே கொடுத்ததில்லையாம். நல்ல பெயர் வாங்கத்தான் அந்தச் சின்ன பில்கள்.

அந்தத் தளத்தில் புகார் செய்தால், "பணம் எங்கள் வழியாக வரவில்லை, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்கிறார்கள். பச்சை அடையாளம் என்றால் ஜிஎஸ்டி எண்ணும் கைபேசி எண்ணும் உயிரோடு இருக்கின்றன என்று மட்டும்தான் அர்த்தமாம். காவல் நிலையத்தில் "பில் போட்டுக் கடன் கொடுத்திருக்கீங்க, இது சிவில்" என்றார்கள். ₹4,86,000 அவர்களுக்கு ஒரு காகிதம். எனக்கு ஒரு சீசன் முழுக்க ஓட வேண்டிய முதல். காசோலை திரும்பியதற்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும், தள்ளிப் போடாதீர்கள்.

விரிவாக எழுத இப்போது மனசு இல்லை. ரெஃபரன்ஸ் சொல்கிறவரின் ஜிஎஸ்டி எண்ணையும் தேடுங்கள், நடுவில் உள்ள பத்து எழுத்தை ஒப்பிடுங்கள். பார்ட்டி கொடுத்த எண்ணுக்குக் கூப்பிடாமல் கடை எண்ணை நீங்களே கண்டுபிடித்துக் கூப்பிடுங்கள். "நல்லவரா" என்று கேட்காதீர்கள். அதிகபட்சம் எவ்வளவு கடன் நின்றது, சொன்ன நாளுக்கு எத்தனை நாள் தள்ளி வந்தது, கடைசி பில் எப்போது, அதைக் கேளுங்கள். ரெஃபரன்ஸ் சொன்ன தொகைக்கு மேல் முதல் கடனைத் தராதீர்கள்.

அதே ஆள் இப்போது தர்மபுரி பக்கம் புளி லோடு கேட்பதாகக் காதில் விழுந்தது. முதல் சரக்குக்கு முழு முன்பணம், அடுத்ததே பெரிய லோடுக்கு 30 நாள் கடன் என்று யாராவது வந்தால், வண்டியில் ஏற்றும் முன் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். அந்தப் பான் எண் என்னிடம் இருக்கிறது, ஒப்பிட்டுச் சொல்கிறேன்.