மாவு மில்லில் தூசி எடுக்க எது நல்லது: கம்ப்ரசரா, விளக்குமாறா, வேக்குவமா?

தருமபுரியில் கேழ்வரகு அரைக்கும் ஒரு மில்லுக்குப் போயிருந்தேன். தரை கண்ணாடியாக இருந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், கூரையின் இரும்பு உத்திரத்தில் மூன்று மில்லிமீட்டர் மாவு படிந்திருந்தது. என் பயமெல்லாம் அந்த மாவின் மேல்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூடத்தின் நீளம் 10 மீட்டர், அகலம் 8, உயரம் 5. அதாவது 400 கன மீட்டர். கன மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிராம் மாவு காற்றில் மிதந்தாலே தீப்பற்றி வெடிக்கும் ஆபத்து என்று வைத்துக்கொண்டால், கூடம் முழுவதற்கும் 20 கிலோ போதும். உத்திரங்களின் மேற்பரப்பு 12 சதுர மீட்டர். அதில் மூன்று மில்லிமீட்டர் படிந்தால், கன மீட்டருக்கு 500 கிலோ எடை என்ற கணக்கில், 18 கிலோ! எந்திரத்துக்குள் நிகழும் சிறு வெடிப்பின் அதிர்வு இதை உதிர்த்துவிடும். பின்னால் வரும் தீ அதைப் பற்றவைக்கும். பெரும் சேதம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வெடிப்பால்தான்.

அந்த மில்லில் வாரம் ஒருமுறை கம்ப்ரசர் காற்றால் உத்திரத்தை ஊதினார்கள். வேலை சீக்கிரம் முடியும், ஆனால் ஊதிய மாவு எங்கும் போவதில்லை. சற்று நேரம் காற்றில் மேகமாக நின்று, திரும்ப வேறிடத்தில் படியும். இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் பல்பு தெரியாத அளவு மேகம் திரண்டால் ஆபத்து எல்லைக்கு வந்துவிட்டோம் என்று பொருள். அந்த நேரத்தில் சூடேறிய பேரிங்கோ நழுவி உரசும் பெல்ட்டோ போதும். கம்ப்ரசரை நான் ஒதுக்கிவிடுவேன். கை எட்டாத இடுக்குக்கு மட்டும், மற்ற மாவையெல்லாம் எடுத்த பிறகு, எந்திரங்களை நிறுத்தி ஆறவிட்டு, அழுத்தத்தைக் குறைத்து ஊதலாம்.

விளக்குமாறு மெதுவானது, செலவில்லாதது. மென்மையான தூரிகையால் மெல்ல ஒதுக்கி அள்ளினால் மேகம் எழாது; வீசிப் பெருக்கினால் எழும். உத்திரத்துக்கு ஈரத்துணி இன்னும் மேல். ஆனால் தண்ணீர் அதிகமானால் மாவு பசையாகிப் புளிக்கும்.

வேக்குவம்தான் என் தேர்வு. மாவு காற்றில் ஏறாமல் நேரே தொட்டிக்குள் போய்விடும். வீட்டு வேக்குவத்தை மட்டும் கொண்டுவரக் கூடாது: அதன் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் தீப்பொறி பறக்கும், உறிஞ்சிய நுண்தூளும் அதன் பக்கத்திலேயே சேரும். எரியும் தூசிக்கென்றே செய்த, உலோகக் குழாயும் எர்த்தும் உள்ள எந்திரமே வேண்டும். அதன் விலை சிறிய மில்லுக்குப் பாரம்தான். ஒரே ஒரு அரவை எந்திரம் வைத்திருப்பவர் தூரிகையும் ஈரத்துணியுமாகத் தினமும் துடைத்தால் போதும்.

மர அறுவை மில்லிலும் இதே முறைதான். அங்கே ரம்பத்தூளைவிட, சாண்டிங் எந்திரத்தின் நுண்தூளுக்கே அதிகம் பயப்பட வேண்டும். நூற்பாலையில் பஞ்சுத் துகள் பெரும்பாலும் வெடிப்பதைவிடத் தீயாக ஓடிப் பரவும்.

எப்போது துடைப்பது? விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். அடியிலிருக்கும் பெயின்ட்டின் நிறம் தெரியாத அளவு மாவு மூடியிருந்தால், அன்றைக்கே துடைக்க வேண்டும்.