பேச்சில்லாமல் வந்த ஸ்கிரீன்ஷாட்: பக்கத்தைப் பார்ப்பதா, மேல்பட்டையைப் பார்ப்பதா, கேட்பதா?

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் சித்தியிடமிருந்து போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஒரு எழுத்துகூட இல்லை. சாம்சங் போனின் `Mobile networks` பக்கம். `Data roaming` அணைந்திருந்தது. `VoLTE calls` எரிந்தது. `Network mode` என்பதற்குக் கீழே `3G/2G (auto connect)`. அதற்கும் கீழே `Access Point Names`, `Network operators`. எதை மாற்றச் சொல்கிறார்?

நம்மில் முக்கால்வாசிப் பேர் முதலில் செய்வது, பக்கத்தை மட்டும் பார்த்து ஊகிப்பது. ஐந்து வரியில் அணைந்து கிடப்பது ஒன்றுதான், அதனால் கண் நேராக அங்கேதான் போகும். "ரோமிங்கைப் போடுங்க சித்தி" என்று சொல்லத் தோன்றும். அது தப்பு. அந்த வசதி வெளிநாட்டில் வேறு கம்பனியின் வலையில் டேட்டா எடுப்பதற்கு. தோட்டத்து லயத்தில் அதைப் போட்டு ஒன்றும் நடக்காது. சாதாரண டேட்டா சுவிட்ச் இந்தப் பக்கத்திலேயே இல்லை. பக்கத்தைப் பார்த்தால் என்னென்ன மாற்றலாம் என்று தெரியும். எது கெட்டது என்று தெரியாது.

நான் நம்புவது திரையின் உச்சியில் இருக்கும் மேல்பட்டையைத்தான். அனுப்புபவர் அதைக் காட்டவேண்டும் என்று நினைக்கவே இல்லை, ஆனாலும் உள்ளதை அப்படியே காட்டுவது அதுதான். சித்தியின் படத்தில் நேரம் 6:12. வைஃபை அடையாளம் இல்லை. சிக்னலில் மூன்று கோடு, பக்கத்தில் `E` என்ற எழுத்து. படம் என் போனுக்கு வந்து சேர்ந்தது 7:40க்கு. அப்படியென்றால் படத்தை எடுத்தது லயத்தில், அனுப்ப முடிந்தது டவுனுக்கு வந்த பிறகு. படம் கிளம்பவே ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிறது. கோளாறு லயத்து டேட்டாவில்.

அடுத்து அந்த `E`. அது 2Gயில் ஓடும் டேட்டா. கோடு குறைவாக இருந்து `E` வந்தால் கவரேஜ் பிரச்சினை என்று விட்டுவிடலாம். மூன்று கோடு இருந்தும் `E` நின்றால், போனை நாமே மேலே ஏறவிடாமல் வைத்திருக்கிறோமா என்று சந்தேகப்பட வேண்டும். `Network mode` வரியில் 4Gயைக் குறிக்கும் LTE என்ற எழுத்தே இல்லை. 4G எட்டினாலும் அந்த போன் பிடிக்காது.

ஆனால் மலையில் இதை முடிவாகச் சொல்ல முடியாது. 2G பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசையில் வருவதால் மேட்டைத் தாண்டி இன்னும் தூரம் போகும். 4G அந்தச் சரிவுக்கு வராமலே 2G மட்டும் மூன்று கோட்டில் நிற்கலாம். மேல்பட்டை இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. படம் டவுனில் எடுத்ததாக இருந்தால் லயத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்லியிருக்காது.

அந்த இடத்தில்தான் கேள்வி வேண்டும். "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "வேலை செய்யல" என்றுதான் பதில் வரும், அதில் ஒன்றும் தெரியாது. இரண்டில் ஒன்றைத் தொடும்படி கேட்க வேண்டும். நான் வாய்ஸ் மெசேஜில் கேட்டேன்: "சித்தி, லயத்துல கோல் எடுக்கலயா, இல்ல நெட்டு மட்டும் சுத்துதா? பக்கத்து வீட்டுல அதே கம்பனி சிம் வச்சிருக்கவங்களுக்கு வீடியோ ஓடுதா?"

பதில்: "கோல் நல்லா வருது தம்பி. தங்கச்சி வீடியோ கோல் எடுத்தா மூஞ்சி தெரியல. பக்கத்து வீட்டுல தெரியுது. ஒங்க மாமா மாசத்துக்கு முந்தி பெட்டரி எறங்குதுன்னு என்னமோ மாத்துனாரு."

பக்கத்து வீட்டில் ஓடுகிறது என்றால் 4G அந்தச் சரிவுக்கு வருகிறது. வந்து வந்து போகும் 4Gயைத் தேடித் தேடி பெட்டரி இறங்குவதும் உண்மைதான், மாமா சும்மா மாற்றவில்லை. அதனால் மாற்றினால் பெட்டரி மறுபடியும் கொஞ்சம் சீக்கிரம் இறங்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். `Network mode`-ஐத் தொட்டு, LTE என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். பழைய நிலை அந்த ஸ்கிரீன்ஷாட்டிலேயே இருப்பதால் அழிக்கவேண்டாம் என்றும் சொன்னேன். கோல் விழாமல் போனால் அதைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

மூன்றையும் ஒப்பிட்டால் பக்கம் கடைசி, மேல்பட்டை முதல், கேள்வி நடுவில். ஆனால் கேள்வியை விட்டுவிடக் கூடாது. மேல்பட்டையைப் படித்த பிறகு கேட்டால் ஒரே வாய்ஸ் மெசேஜ் போதும்; படிக்காமல் கேட்டால் அரை மணி நேரம் போகும், லயத்துச் சிக்னலில் அதுவும் நடுவில் அறுந்துபோகும்.

மறுநாள் மாலை 6:30க்கு இன்னொரு ஸ்கிரீன்ஷாட். இதிலும் பேச்சில்லை. மேல்பட்டையில் இரண்டு கோடு, பக்கத்தில் `4G`. எடுத்த நேரமும் 6:30.